ஷூவுக்கு பாலிஷ் இருக்கான்னு பார்க்காதீங்க, விரலுக்கு இடம் இருக்கான்னு பாருங்க

1/
உடன்குடியில ஒரு பள்ளியில காலை வணக்கக் கூட்டத்துல பேசக் கூப்பிட்டிருக்காங்க. தலைப்பு அவங்களே கொடுத்துட்டாங்க: "சரியான காலணியும் நிமிர்ந்த நடையும்." பத்து நிமிஷம்.

பிள்ளைங்க கிட்ட பேசுறேன், சந்தோஷம்தான். ஆனா ஷூ வாங்குறது பிள்ளைங்க இல்ல. எந்த ஷூ போடணும்னு சட்டம் போடுறதும் பிள்ளைங்க இல்ல. அதனால பெற்றோர், ஆசிரியர், பள்ளி நிர்வாகம், கடைக்காரர் எல்லாருக்குமான பேச்சை இங்க எழுதுறேன். நீளமான த்ரெட். பொறுமையா வாசிங்க.

2/
முதல்ல என் கட்சியைச் சொல்லிடறேன்.

நம்ம பள்ளிகள்ல ஷூவுக்கு இருக்கிற விதி மூணு: கறுப்பா இருக்கணும், மூடியிருக்கணும், பளபளன்னு இருக்கணும். இந்த மூணுல ஒண்ணுகூட பிள்ளையோட காலைப் பத்தினது இல்ல. மூணுமே பார்க்கிறவங்க கண்ணைப் பத்தினது.

காலுக்குத் தேவையான ஒரே விதி, "அளவு சரியா இருக்கணும்". அது எந்தப் பள்ளி டைரியிலும் அச்சடிச்சு நான் பார்த்ததில்ல.

3/
"அளவு பார்த்துதானே சார் வாங்குறோம்"னு கேட்பீங்க. எப்படிப் பார்க்கிறோம்? கடையில பிள்ளையை உட்கார வச்சு ஷூவை மாட்டுவாங்க. அப்பா கட்டைவிரலால நுனியை அமுக்குவார். "வளர்ற பிள்ளை, ரெண்டு வருஷத்துக்காவது வரணும், ஒரு சைஸ் கூடக் கொடுங்க"ம்பார். கடைக்காரர் ரெண்டு சைஸ் கூடக் கொடுப்பார். இல்லைன்னா இருக்கிற சைஸைக் கொடுத்து "போடப் போட லூசாயிடும்"பார்.

ரெண்டும் தப்பு. ஏன்னு கணக்குப் போட்டே காட்டுறேன். கூட்டல் கழித்தல் தெரிஞ்சா போதும்.

4/
பள்ளி வயசுல, அதாவது ஆறு வயசுல இருந்து பத்து வயசு வரைக்கும், பாதம் வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். மாசத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மின்னு வச்சுக்கோங்க. அதுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கு இன்னும் வேகமா வளரும்.

ஷூவுக்குள்ள, நீளமான விரலுக்கு முன்னால 12 மில்லிமீட்டர் போல காலி இடம் வேணும். அது வளர்றதுக்கு மட்டுமான இடம் இல்ல. நடக்கும்போது பாதம் கொஞ்சம் நீளும், முன்னாலயும் சறுக்கும். அதுக்கே சில மில்லிமீட்டர் போயிடும். காலி இடம் அஞ்சு மில்லிமீட்டருக்கு வந்துட்டா அந்த ஷூவோட ஆயுள் முடிஞ்சுதுன்னு அர்த்தம், தோல் புதுசாவே இருந்தாலும்.

5/
ஷூ சைஸ் நம்பரையும் தெரிஞ்சுக்கோங்க. நம்ம கடைகள்ல பெரும்பாலும் இருக்கிறது பிரிட்டிஷ் நம்பர். குழந்தைகள் சைஸ் நாலு அங்குலத்துல ஆரம்பிக்குது. ஒவ்வொரு சைஸுக்கும் மூணுல ஒரு அங்குலம், அதாவது எட்டரை மில்லிமீட்டர் கூடும். 13 வரைக்கும் போயிட்டு, அடுத்தது பெரியவங்க சைஸ் 1-ல தொடங்கும்.

ஆக குழந்தைகள் 12-ம் நம்பர்னா எட்டு அங்குலம், 203 மில்லிமீட்டர். 13-ம் நம்பர் 212. அதுக்கு அடுத்த 1-ம் நம்பர் 220.

6/
இப்ப ஒரு மூணாம் வகுப்புப் பிள்ளையை எடுத்துப்போம். ஜூன் மாசம் பாதம் 190 மில்லிமீட்டர். 12-ம் நம்பர் ஷூ வாங்குறோம். 203-ல 190 போக 13 மில்லிமீட்டர் இடம் இருக்கு. அருமை.

டிசம்பர்ல பாதம் 195. இடம் 8. பரவாயில்ல.
மார்ச்ல பாதம் 197, 198. இடம் அஞ்சே சொச்சம். முடிஞ்சது.

அதாவது, கச்சிதமா அளவு பார்த்து வாங்கின ஷூவே ஒரு கல்வி ஆண்டுக்குத்தான் வரும். இது கம்பெனி ஏமாத்துறதில்ல, பிள்ளை வளர்றது.

7/
அதே பிள்ளைக்கு "ரெண்டு வருஷத்துக்கு வரட்டும்"னு ரெண்டு சைஸ் கூட, 1-ம் நம்பர் வாங்குறோம். 220-ல 190 போக 30 மில்லிமீட்டர் காலி. மூணு சென்டிமீட்டர்!

அடுத்த ஜூன்ல பாதம் 200. இன்னும் 20 மில்லிமீட்டர் காலி.
அதுக்கு அடுத்த மார்ச்ல பாதம் 207, 208. இப்பதான் 12 மில்லிமீட்டர் இடம். இப்பதான் ஷூ சரியான அளவு!

வாங்கி 21 மாசம் கழிச்சு. அதுக்குள்ள அந்த ஷூவோட அடி தேஞ்சு, குதிகால் நசுங்கி, பக்கவாட்டுல வாய் பிளந்திருக்கும். காலுக்குப் பொருந்துற நாளும் குப்பைக்குப் போற நாளும் ஒரே நாள். இதுவா சிக்கனம்?

8/
அந்த 21 மாசமும் பிள்ளை எப்படி நடந்திருக்கும்? இங்கதான் "நிமிர்ந்த நடை" வருது.

பெரிய ஷூவுல குதிகால் நிக்காது, ஒவ்வொரு அடிக்கும் வெளிய வரும். அதை விடாம பிடிக்கிறதுக்கு பிள்ளை விரல்களை மடக்கி உள்ளங்காலோட இறுக்கும். அடியைத் தூக்கி வைக்காம இழுத்து இழுத்து நடக்கும். அடி சின்னதாகும். தடுக்கும்னு பயந்து தரையைப் பார்த்தே நடக்கும். "நேரா பார்த்து நட, கூன் போடாதே"ன்னு நாம முதுகுல தட்டுவோம். பிரச்சனை முதுகுல இல்ல, அந்த மூணு சென்டிமீட்டர்ல.

9/
சின்ன ஷூவுல கதை வேற. விரல்கள் மடங்கி நிக்கும். பெருவிரல் நகம் முன்பக்கம் இடிச்சு உள்ள ரத்தம் கட்டி கறுக்கும். நகத்தோட ஓரம் சதைக்குள்ள இறங்கி சீழ் பிடிக்கும். சுண்டுவிரல் மேல காய்ப்பு வரும்.

ஆஸ்திரியாவுல எண்ணூறுக்கும் மேற்பட்ட மழலையர் பள்ளிப் பிள்ளைகளோட கால்களையும் காலணிகளையும் அளந்து 2009-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வெளிய போட்டுட்டுப் போற காலணிகள்லயே பத்துல ஏழு போல நீளம் பத்தாம இருந்துச்சு. காலணி எவ்வளவு குட்டையோ, அவ்வளவுக்குப் பெருவிரல் உள்பக்கமா சாய்ந்திருக்கிற வாய்ப்பும் கூடியிருந்துச்சு. பணக்கார நாடு, அளவுக்கு ஷூ கிடைக்கிற ஊர். அங்கேயே அளந்து பார்க்கிற வரைக்கும் யாருக்கும் தெரியல.

10/
"ஏன் சார், வலிச்சா பிள்ளை சொல்லாதா?"

சொல்லாது. சின்னப் பிள்ளைகளோட பாதம் மெத்துன்னு இருக்கும். எலும்புல பாதி இன்னும் குருத்தெலும்புதான். அமுக்கினா வளைஞ்சு கொடுக்கும், உடனே வலிக்காது. போதாததுக்கு புது ஷூன்னா பிள்ளைக்குக் கொண்டாட்டம். "டைட்டா இருக்கா?"ன்னு கேட்டா "இல்ல"ன்னுதான் வரும். ஆமான்னா ஷூ திரும்பக் கடைக்குப் போயிடுமே!

கட்டைவிரலால நுனியை அமுக்கிப் பார்க்கிறதும் உதவாது. அமுக்கும்போது பிள்ளை தன்னையறியாம விரலை உள்ளுக்கு இழுத்துக்கும். நமக்கு இடம் இருக்கிற மாதிரித் தெரியும்.

11/
அதனால வீட்டுலயே அளங்க. காசு செலவில்ல, அஞ்சு நிமிஷம்.

சாயங்காலம் அளங்க. நாள் முழுக்க ஓடியாடி பாதம் லேசா உப்பியிருக்கும். பிள்ளையை நிக்க வைங்க, உட்கார வச்சு அளக்காதீங்க. உடம்பு எடை இறங்கினாதான் பாதம் முழுசா விரியும். குதிகால் சுவத்துல ஒட்டணும், காலடியில ஒரு தாள். நீளமான விரலுக்கு நேரா கோடு போடுங்க. சில பிள்ளைக்கு ரெண்டாவது விரல்தான் நீளம், அதைப் பாருங்க. ரெண்டு காலையும் அளந்து பெரிய காலை எடுத்துக்கோங்க. அப்படியே பென்சிலை நேரா நிறுத்தி பாதம் முழுக்க சுத்தி வரைஞ்சுக்கோங்க.

12/
இப்ப பழைய காலண்டர் அட்டையில ஒரு விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டுங்க. நீளம், பாத அளவோட 12 மில்லிமீட்டர் கூட்டினது. 190-ன்னா 202.

கடைக்கு அந்தப் பட்டையையும் பாதம் வரைஞ்ச தாளையும் கொண்டு போங்க. பட்டையை ஷூவுக்குள்ள விடுங்க. மடங்காம குதிகால் வரைக்கும் படுத்தா நீளம் போதும். மடங்கினா குட்டை. சுண்டுவிரல் அகலத்துக்கு முன்னும் பின்னும் ஓடினா பெருசு. அட்டையில என்ன நம்பர் போட்டிருந்தாலும் சரி, பட்டை சொல்றதை நம்புங்க. ஒரே நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

அப்புறம் ஷூவைத் தாள் மேல வைங்க. வரைஞ்ச பாதம் அடிப்பாகத்தைத் தாண்டி வெளிய தெரிஞ்சா அகலம் பத்தல. நம்ம பிள்ளைகளுக்கு இது முக்கியம். செருப்பில்லாம ஓடி விளையாடி வளர்ந்த பாதம் முன்பக்கம் விரிஞ்சிருக்கும். கூர்மூக்கு ஷூ அதுக்கு ஆகாது.

13/
"அப்போ ஷூ போட்டாத்தான் கால் நல்லா வளருமா?"

இல்ல. மூடின ஷூ காலை வளர்க்கும்ங்கிறதுக்கு ஆதாரம் கிடையாது. எதிர்ப்பக்கம்தான் ஆதாரம் இருக்கு, அதுவும் நம்ம நாட்டுலயே எடுத்தது.

மணிப்பால் கஸ்தூரிபா மருத்துவக் கல்லூரியில ராவ், பெஞ்சமின் ஜோசப்னு ரெண்டு எலும்பு மருத்துவர்கள், 4 வயசுல இருந்து 13 வயசு வரைக்கும் 2,300 பிள்ளைகளோட பாதத் தடத்தை எடுத்து 1992-ல வெளியிட்டாங்க. காலணி போடுற பிள்ளைகள்ல தட்டைப்பாதம் 8.6 சதவீதம். போடாத பிள்ளைகள்ல 2.8 சதவீதம்.

அதுலயும் மூடின ஷூ போட்டவங்களுக்கு அதிகம், சாண்டல், செருப்பு போட்டவங்களுக்குக் குறைவு, வெறுங்காலுக்கு மிகக் குறைவு.

14/
இதை வச்சு "ஷூதான் தட்டைப்பாதத்தை உண்டாக்குது"ன்னு நான் அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஒரே நேரத்துல ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு அது. ஷூ போடுற பிள்ளைக்கும் போடாத பிள்ளைக்கும் வாழ்க்கையில வேற வித்தியாசங்களும் இருக்கும். தட்டைப்பாதம் இருக்கிற எல்லாருக்கும் வலி வர்றதும் இல்ல.

ஆனா "மூடின கறுப்பு ஷூதான் காலுக்கு நல்லது, அதனாலதான் கட்டாயம்"னு யாராவது மருத்துவத்தைத் துணைக்குக் கூப்பிட்டா, மருத்துவம் அவங்க பக்கம் வராது. அதை மட்டும் அடிச்சுச் சொல்வேன்.

15/
அதுக்காக வெறுங்கால்ல அனுப்புங்கன்னும் சொல்லல. நம்ம ஊர் தெரியுமில்ல? தேரி மணல் மத்தியானத்துல பொரிக்கும். பனங்காட்டுல கருக்கு கிடக்கும், வேலிக்கருவை முள் கிடக்கும். ஈர மண்ணுல இருந்து கொக்கிப்புழு பாதத்துத் தோல் வழியா ஏறும், ரத்தசோகை வரும். பள்ளியில பூச்சி மாத்திரை கொடுக்கிறது இதுக்கும் சேர்த்துதான்.

காலணி வேணும். காயத்துல இருந்தும் சூட்டுல இருந்தும் புழுவுல இருந்தும் காப்பாத்த வேணும். அந்த வேலையைப் பின்பட்டை வச்ச ஒரு சாண்டலே செய்யும். வீட்டுக்குள்ளயும் சுத்தமான இடத்துலயும் பிள்ளை வெறுங்காலோட ஓடட்டும், அது நல்லது.

16/
அடுத்து "வளைவு ஷூ" வியாபாரம். பிள்ளை பாதம் தட்டையா இருக்குன்னு பயமுறுத்தி, உள்ள மேடு வச்ச ஷூவை விலை கூட்டி விக்கிறாங்க.

சின்னப் பிள்ளைக்குப் பாதம் தட்டையாத்தான் இருக்கும். உள்வளைவு வயசு ஏற ஏறத்தான் வரும். நீங்களே பார்க்கலாம்: பிள்ளையை நுனிவிரல்ல நிக்கச் சொல்லுங்க. அப்போ உள்வளைவு எழும்பி வந்து, வலியும் இல்லைன்னா அது நெகிழ்வான தட்டைப்பாதம். விட்டுடுங்க. அமெரிக்காவுல 129 பிள்ளைகளை மூணு வருஷம் கவனிச்சு 1989-ல வெளியிட்ட ஆய்வுல, திருத்தும் ஷூவும் உள்வைப்பும் போட்டவங்களுக்கும் சும்மா இருந்தவங்களுக்கும் வித்தியாசமே இல்ல. எல்லாருக்கும் வளைவு தானா கூடிச்சு.

முதுகெலும்பு வளைவை ஷூ உண்டாக்குறதும் இல்ல, நிமிர்த்துறதும் இல்ல. அப்படிச் சொல்லி வித்தா வாங்காதீங்க.

17/
இப்ப பள்ளிகளுக்கு வர்றேன்.

ஷூ போடாம செருப்போட வந்த பிள்ளையை வெயில்ல நிறுத்துறது, வகுப்புக்கு வெளிய நிறுத்துறது, கூட்டத்துல முன்னால கூப்பிட்டுக் காட்டுறது. இது இன்னும் நடக்குது. 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவு, உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடை செய்யுது. ஷூவுக்காக நிறுத்தினா அது பொருந்தாதுன்னு சட்டத்துல எங்கேயும் எழுதல.

அந்தப் பிள்ளை ஏன் ஷூ போடல? பாதிப் பேருக்கு ஷூ சின்னதாயிருக்கும். மார்ச் மாசம் வந்து பாருங்க, குதிகாலை மிதிச்சுக்கிட்டு ஷூவைச் செருப்பு மாதிரி போட்டுட்டு வர்ற பிள்ளைகளை. அதை ஒழுங்கீனம்னு திட்டுறோம். காலுக்குப் பத்தாத ஷூவை வேற எப்படிப் போடுறது?

18/
"சீருடைன்னா எல்லாரும் ஒண்ணுபோல இருக்கணும், அதுதானே சமத்துவம்?" நியாயமான கேள்வி. ஆனா சமத்துவம் பார்வைக்கு மட்டும் போதுமா? வருஷா வருஷம் ஷூ மாத்த முடிஞ்ச வீட்டுப் பிள்ளைக்கு விரலுக்கு இடம் இருக்கு. மாத்த முடியாத வீட்டுப் பிள்ளைக்கு நகம் கறுத்திருக்கு. ரெண்டு ஷூவும் வெளிய ஒரே கறுப்பு. இந்த விதி ஏழ்மையை ஒழிக்கல, ஷூவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கு.

பின்பட்டை வச்ச கறுப்பு சாண்டலை அனுமதிங்க. விலையும் கம்மி. வார் இறுக்கித் தளர்த்தலாம். விரல் வெளிய தெரியுறதால, பத்தலைன்னா வாத்தியாருக்கே தெரியும். கடலோரப் புழுக்கத்துல நைலான் சாக்ஸுக்குள்ள வேர்த்து, பாதத்துல சின்னச் சின்னக் குழி விழுந்து நாறிப்போய் என்கிட்ட வர்ற பிள்ளைகளும் குறைவாங்க.

19/
வருஷத்துல ரெண்டு நாள், ஜூன்லயும் டிசம்பர்லயும், விளையாட்டு ஆசிரியர் சுவத்தோரம் ஒரு அளவுகோலை ஒட்டி வச்சுப் பாதம் அளக்கட்டும். ஒரு வகுப்புக்கு ஒரு பீரியட் போதும். அளவை டைரியில எழுதி வீட்டுக்கு அனுப்புங்க. உயரமும் எடையும் எழுதுறோமே, அதோட இன்னொரு கட்டம்.

அரசுப் பள்ளிகள்ல விலையில்லா காலணி கொடுக்கிறாங்க, நல்ல திட்டம். அங்கேயும் இதேதான். அளவு எடுத்த நாளுக்கும் காலணி கைக்கு வர்ற நாளுக்கும் நடுவுல ஆறு மாசம் ஆனா அஞ்சு மில்லிமீட்டர் போயிடும். அதைக் கூட்டித்தான் பட்டியல் அனுப்பணும். வந்த ஜோடி பத்தலைன்னா, வகுப்புக்கு வகுப்பு மாத்திக்கொடுக்கிற ஏற்பாடு பள்ளியிலயே இருக்கணும்.

20/
"வருஷா வருஷம் வாங்க எங்க சார் போறது?" விலை கூடினது வேண்டாம். இருக்கிறதுலயே மலிவான, ஆனா அளவு சரியான ஜோடி போதும். விலை கூடின, அளவு தப்பின ஜோடியைவிட அது எவ்வளவோ மேல்.

அண்ணன் ஷூ தம்பிக்கு வரலாம், குத்தமில்ல. மேசை மேல வச்சுப் பின்னாலிருந்து பாருங்க. குதிகால் பாகம் ஒரு பக்கமா சாயாம நேரா நிக்கணும், அடி ஒருபக்கமாத் தேஞ்சிருக்கக் கூடாது, அட்டைப் பட்டை படுக்கணும். மூணும் சரின்னா போடலாம். பள்ளியில ஒரு பெட்டி வச்சா, கால் வளர்ந்த பிள்ளைகளோட நல்ல ஷூ இன்னொரு பிள்ளைக்குப் போகும்.

21/
எப்போ டாக்டர் கிட்ட வரணும்? பிள்ளை நொண்டினா, ஒரு காலுல மட்டும் தொடர்ந்து வலின்னா, ராத்திரி வலியில எழுந்தா, வீக்கமோ காய்ச்சலோ சேர்ந்தா, நுனிவிரல்ல நின்னும் வளைவு வராம பாதம் விறைப்பா இருந்தா, ஒரு ஷூ மட்டும் சீக்கிரம் தேஞ்சா. இதெல்லாம் ஷூ மாத்தித் தீர்ற விஷயம் இல்ல. தள்ளிப்போடாதீங்க.

எட்டு வயசுக்கு மேல ஓடி விளையாடுற பிள்ளைக்குக் குதிகாலோட ரெண்டு பக்கமும் அமுக்கினா வலிச்சா, அது பெரும்பாலும் வளர்ற எலும்போட இடத்துல வர்ற வலி. தானா சரியாகும். அதுவரைக்கும் அடி மெத்துன்னு இருக்கிற காலணி போடணும், ஓட்டத்தைக் கொஞ்சம் குறைக்கணும்.

22/
பிள்ளைங்க கிட்ட நான் கூட்டத்துல சொல்லப்போறது நாலே விஷயம்.

ஷூவைக் கழட்டின பிறகு பாதத்தைப் பாருங்க, சிவந்த தடம் ரொம்ப நேரம் போகலைன்னா அம்மாகிட்ட காட்டுங்க. குதிகாலைப் பின்னால தட்டி உட்கார வச்சுட்டு லேஸ் கட்டுங்க, கட்டினபடியே காலை நுழைக்காதீங்க. வீட்டுக்கு வந்ததும் ஷூவை வாய் திறந்து காத்துல வைங்க. விரல் இடிச்சா சொல்லுங்க, அப்பா திட்ட மாட்டார்.

கடைசி வாக்கியத்தை உண்மையாக்குறது உங்க பொறுப்பு.

23/
இன்னைக்கு ராத்திரி ஒரு வேலை செய்யுங்க. பிள்ளையோட ஷூவுக்குள்ள இருக்கிற மெத்தையை வெளிய எடுத்துத் தரையில போட்டு, அது மேல பிள்ளையை நிக்கச் சொல்லுங்க. குதிகால் பின்விளிம்போட ஒட்டணும். முன்னால எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க. மெத்தை ஒட்டியிருந்தா மேலே சொன்ன அட்டைப் பட்டையை விடுங்க.

அஞ்சு மில்லிமீட்டருக்குக் கம்மின்னா, ஷூவை மாத்துங்க. ஷூ வாங்க இந்த மாசம் முடியலைன்னா செருப்போட அனுப்புங்க. பள்ளியில கேட்டா இந்த த்ரெட்டைக் காட்டுங்க, ஒரு டாக்டர் சொன்னார்னு சொல்லுங்க.